மூன்றாவது ஆமா

அமுதவள்ளி கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்தச் செய்தி பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. தொலைபேசியில் பேசியவர் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் இருக்கும் பிஸ்கட் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி கிஷன். எடுத்தவர் அலுவலகத்தின் முதலாளி சிவநேசன். பேசி முடித்ததும் நேராக நஸ்ரினின் மேசைக்கு வந்து நின்றார்.

பூக்கடை வரிசைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கும் சின்ன அலுவலகம் அது. பேட்டி, கூட்டம், விசாரணை என்று யார் எதை ஒலிப்பதிவு செய்து அனுப்பினாலும் அதை எழுத்தாக்கிக் கொடுப்பார்கள். ஒலியை முதலில் எழுத்தாக மாற்றுவது கணினி. அது கொடுப்பதில் புள்ளி இருக்காது, காற்புள்ளி இருக்காது, பத்தி இருக்காது. ஒருவர் பேச்சு எங்கே முடிந்து அடுத்தவர் பேச்சு எங்கே தொடங்குகிறது என்பதைப் பாதி இடங்களில் சரியாகவும் மீதி இடங்களில் தப்பாகவும் குறித்திருக்கும். அந்தச் சொற்குவியலை மனிதர்கள் வாசிக்கக்கூடிய பக்கங்களாக ஆக்குவதுதான் நஸ்ரினின் வேலை. அதற்கு முன்னால் ஒரு தமிழ் நாளிதழில் பதினோரு வருடம் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். நாளிதழ் பக்கங்களைக் குறைத்தபோது முதலில் குறைந்தவர்களில் அவளும் ஒருத்தி.

மேரு தொழிற்சாலையின் கோப்பை அவள் போன வெள்ளிக்கிழமை முடித்துக் கொடுத்திருந்தாள். அமுதவள்ளி என்ற தொழிலாளி மீது நடந்த உள்விசாரணை. பத்தொன்பது வருடமாகப் பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் அவர், ஒரு நாள் பிற்பகலில் பிஸ்கட் நகரும் பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அமுக்கி லைனை நிறுத்தியிருக்கிறார். தகுந்த காரணம் இல்லாமல் உற்பத்தியை நிறுத்தினார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போய்விடும். விசாரணைக் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் விசாரணைக் குழு கூடி முடிவெடுக்கும்.

அமுதவள்ளி தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாராம். எழுதிக் கொடுத்தவர் நேரில் வந்து, ஒலிப்பதிவில் இருப்பதுதான் பக்கத்தில் இருக்கிறது என்று குழுவுக்கு முன்னால் உறுதி சொல்ல வேண்டும். அதுதான் கிஷன் கேட்டது. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு.

போய் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டால் போதும், அரை மணி நேர வேலை என்றார் சிவநேசன். நஸ்ரினும் அப்படித்தான் நினைத்தாள். மறுக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். தான் பேசியதைத் தானே தாளில் வாசிக்கும்போது பாதிப் பேருக்குப் பிடிக்காது. இருந்தாலும் உறுதி சொல்வதற்கு முன்னால் ஒரு முறை கேட்டுவிடுவோம் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பைத் திறந்தாள்.

அமுதவள்ளி எந்த இடத்தை மறுக்கிறார் என்பதைக் கிஷன் சொல்லியிருந்தார். பதினான்காம் பக்கம். கணினி கொடுத்த மூலத்தில் அந்த இடம் இப்படி இருந்தது:

அன்னைக்கு யாருக்கும் கையில அடி படல ஆமா லைன் நல்லா ஓடிட்டு இருந்துச்சு ஆமா நீங்க போயி காரணம் இல்லாம பட்டன அமுக்கிட்டீங்க ஆமா நாப்பது நிமிசம் லைன் நின்னுச்சு தெரியுமா நான் காரணம் இல்லாம அமுக்கினேன் கவர கழட்டி சொவத்துல சாச்சி வெச்சிருந்தாங்க அந்த நேப்பாளி பொண்ணு சட்ட கை உள்ள போவ பாத்துச்சு

நஸ்ரின் அதை இப்படிப் பிரித்து வைத்திருந்தாள்:

கிஷன்: அன்னைக்கு யாருக்கும் கையில அடி படல.
அமுதவள்ளி: ஆமா.
கிஷன்: லைன் நல்லா ஓடிட்டு இருந்துச்சு.
அமுதவள்ளி: ஆமா.
கிஷன்: நீங்க போயி காரணம் இல்லாம பட்டன அமுக்கிட்டீங்க.
அமுதவள்ளி: ஆமா.
கிஷன்: நாப்பது நிமிசம் லைன் நின்னுச்சு, தெரியுமா?
அமுதவள்ளி: நான் காரணம் இல்லாம அமுக்கினேன். கவர கழட்டி சொவத்துல சாச்சி வெச்சிருந்தாங்க. அந்த நேப்பாளி பொண்ணு சட்ட கை உள்ள போவ பாத்துச்சு.

பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. கேள்வி, பதில், கேள்வி, பதில். யார் பேச்சு என்று கணினி போட்டிருந்த அடையாளத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பதிவு. அன்றைக்கு மாலைக்குள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சொல் புரியாத இடங்களில் மட்டும்தான் நிறுத்திக் கேட்டாள். இந்த இடத்தில் எல்லாச் சொல்லும் புரிந்தது. அதனால் கேட்கவில்லை.

இப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

மேசை நடுவில் ஒரே ஒரு கைபேசியை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். எல்லாக் குரலும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தது. கிஷன் எங்கும் நிறுத்தவே இல்லை. யாருக்கும் அடி படவில்லை, லைன் ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரே மூச்சில் அடுக்கிக்கொண்டே போனார். அமுதவள்ளியின் முதல் ஆமா "படல" என்ற சொல்லின் மேலேயே விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். எதிரில் ஒருவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்காக நாம் எல்லோரும் போடும் ஆமா. சாப்பாட்டு நேரத்தில் கதை கேட்கும்போது போடுகிற அதே ஆமா.

மூன்றாவது ஆமாவைக் கேட்டதும் நஸ்ரின் பதிவை நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டாள்.

அது பெண் குரலே இல்லை. கிஷனின் குரல். "அமுக்கிட்டீங்க" என்று முடித்துவிட்டு, ஏதோ நினைவுக்கு வந்ததுபோல, "ஆமா, நாப்பது நிமிசம் லைன் நின்னுச்சு, தெரியுமா" என்று அவரே தொடர்ந்திருந்தார். அடங்கிய குரல், குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டு பேசியிருக்க வேண்டும். அதைக் கணினி அமுதவள்ளியின் கணக்கில் சேர்த்துவிட்டது. நஸ்ரின் அதற்கு ஒரு தனி வரி கொடுத்து, முற்றுப்புள்ளி வைத்து, ஒப்புக்கொண்டது மாதிரி ஆக்கிவிட்டாள்.

அடுத்த வரியைக் கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. "நான் காரணம் இல்லாம அமுக்கினேன்" என்பதில் அமுதவள்ளியின் குரல் கடைசிச் சொல்லில் ஏறி நின்றது. கேட்கிறவரைத் திருப்பிக் கேட்கும் குரல். அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. பிறகு படபடவென்று பெல்ட்டை மூடும் பாதுகாப்புக் கவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். அங்கே இருக்க வேண்டியது கேள்விக்குறி. நஸ்ரின் வைத்தது முற்றுப்புள்ளி.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. ஆனால் பத்தொன்பது வருடம் வேலை செய்த ஒருவரை அவர் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள்.

அன்று மாலையும் புதன்கிழமை முழுவதும் அவள் வேறு கோப்பைத் தொடவில்லை. முழுப் பதிவையும் முதலிலிருந்து கேட்டாள். பதினான்காம் பக்கத்தை இப்படித் திருத்தினாள்:

கிஷன்: அன்னைக்கு யாருக்கும் கையில அடி படல, [அமுதவள்ளி, அதே நேரத்தில்: ஆமா] லைன் நல்லா ஓடிட்டு இருந்துச்சு, [அமுதவள்ளி, அதே நேரத்தில்: ஆமா] நீங்க போயி காரணம் இல்லாம பட்டன அமுக்கிட்டீங்க. ஆமா, நாப்பது நிமிசம் லைன் நின்னுச்சு, தெரியுமா?

அமுதவள்ளி: நான் காரணம் இல்லாம அமுக்கினேன்? [இடைவெளி] கவர கழட்டி சொவத்துல சாச்சி வெச்சிருந்தாங்க. அந்த நேப்பாளி பொண்ணு சட்ட கை உள்ள போவ பாத்துச்சு.

வேறு இடங்களிலும் இரண்டு மூன்று தவறுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கிஷனுக்குப் பாதகமாக இருந்தது. அவர் "சொல்ல முடியாது" என்றதை, "சொல்ல கூடாது" என்று கணினி எழுதியிருந்தது. அவள் அதையும் கவனிக்காமல் விட்டிருந்தாள். அதையும் சரிசெய்தாள்.

சிவநேசனிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. ஹெட்போனைக் கொடுத்தாள். கேட்டார். மூன்றாவது ஆமாவில் அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள்.

"சரி, தப்புதான்," என்றார். "ஆனா நாம குடுத்தாச்சு. அவங்க வாங்கிட்டாங்க. இந்தக் குழுமத்துக்கு நாலு ஃபேக்டரி இருக்கு நஸ்ரின், எல்லா வேலையும் நமக்குத்தான் வருது. கிஷனுக்கு அனுப்பி வை. எது வேணும்னு அவரே முடிவு பண்ணட்டும்."

"அவர் எப்படிண்ணே முடிவு பண்ணுவாரு? அந்த அக்கா என்ன சொன்னாங்கன்னு முடிவு பண்ண அவர் யாரு?"

சிவநேசன் கெட்ட மனிதர் அல்ல. ஐந்து பேர் அந்த அலுவலகத்தை நம்பி இருந்தார்கள். அது அவருக்குக் கழுத்தில் தொங்கும் பாரம். அனுப்பி வை என்று மட்டும் மறுபடியும் சொன்னார்.

அவள் அனுப்பினாள். எந்தெந்த இடத்தில் என்ன தவறு, பதிவில் எத்தனையாவது நிமிடத்தில் கேட்கலாம் என்று தனித்தாளில் எழுதி இணைத்தாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. முதல் வடிவம் ஏற்கெனவே குழுவிடம் கொடுக்கப்பட்டுவிட்டது, இனி மாற்ற முடியாது, நாளை வந்து அதை உறுதிப்படுத்தினால் போதும் என்று நாகரிகமாக எழுதியிருந்தார் கிஷன்.

நஸ்ரின் திருத்திய வடிவத்தை ஐந்து பிரதி எடுத்தாள். கோப்பில் போட்டுக்கொண்டாள். சிவநேசன் தன் அறைக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார். எழுந்து வரவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

வியாழக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்துச் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறி கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து கிராப் வாடகைக் கார் பிடித்து மேரு போய்ச் சேர்ந்தாள். தொழிற்சாலை வாசலில் வெண்ணெயும் சீனியும் கருகும் வாசம். காவலர் அறைக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் காத்துக்கொண்டிருந்தார். தொழிற்சங்கத்தைச் சேர்ந்த இராமலிங்கம், அமுதவள்ளியின் சார்பாக விசாரணையில் உட்கார்ந்தவர். நீங்கள்தான் எழுதியவரா என்று கேட்டார். நல்லதற்குத்தான் வந்திருக்கிறீர்களா என்று கேட்கவில்லையே தவிர, அது அவர் பார்வையில் இருந்தது.

நஸ்ரின் திருத்திய பக்கத்தை அவரிடம் காட்டினாள். அவர் நின்றபடியே இரண்டு முறை வாசித்தார். முகம் மலர்ந்தது. உடனே பேனாவை எடுத்தார்.

கேள்விக்குறி போதாது என்பது அவர் கருத்து. கிஷன் அது வெறும் புள்ளிதானே என்பார். "இல்லாம" என்பதை "இல்லாமயா" என்று ஆக்கிவிட்டால் யாராலும் வாய் திறக்க முடியாது, ஓர் எழுத்துதான், அர்த்தமும் அதேதான் என்றார். பதினாறாம் பக்கத்தைத் திருப்பி இன்னொரு வரியையும் காட்டினார். அதில் அமுதவள்ளி, "ஆமா, நான்தான் அமுக்கினேன். நாளைக்கு கவர் இல்லேன்னா நாளைக்கும் அமுக்குவேன்" என்று சொல்லியிருந்தார். இதை எடுத்துவிடுங்கள், இது அவருக்கே வினையாகும், கோபத்தில் வந்த வார்த்தை என்றார்.

"அண்ணே, அவங்க 'இல்லாமயா'ன்னு சொல்லல. சொல்லியிருந்தா நானே எழுதியிருப்பேன்," என்றாள் நஸ்ரின். "நான் உங்களுக்காக ஒரு எழுத்து சேர்த்தா, நாளைக்கு அவருக்காக ஒரு எழுத்து எடுக்கலாம்னு ஆயிரும். குரல் ஏறிச்சு, அதனால கேள்விக்குறி. அவ்வளவுதான் எனக்கு உரிமை."

இராமலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் யார் பக்கம் என்று கேட்டார். பதிவின் பக்கம் என்று சொல்ல நினைத்தாள். அது பெருமை பேசுவது மாதிரி இருக்கும் என்று தோன்றியதால் அதை விட்டுவிட்டுக் கூட்ட அறையை நோக்கி நடந்தாள்.

கூட்ட அறையில் அமுதவள்ளி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தொழிற்சாலைச் சீருடை, தலையில் வலைத்தொப்பி, நேராக நிமிர்ந்த முதுகு. நஸ்ரின் வணக்கம் சொன்னபோது மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் எழுதினியாம்மா?"

"ஆமாக்கா. தப்பா எழுதிட்டேன். சரி பண்ணிக் கொண்டாந்திருக்கேன்."

அமுதவள்ளி எதிர்பார்க்காத பதில் அது. பக்கத்து நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

குழுவுக்குத் தலைவர் கிடங்கு மேலாளர் சின்னையா. அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு மேலாளர்கள், இருவருக்கும் தமிழ் தெரியும். அமுதவள்ளி தமிழில்தான் பேசுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டதால் அப்படிப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். கிஷன் பழைய வடிவத்தை மேசையில் வைத்தார். இளைஞர், சுபாங் ஜெயாவில் படித்து வளர்ந்தவர், பேச்சில் அவசரம் அதிகம். எழுதியவர் வந்திருக்கிறார், இது பதிவில் உள்ளதுதான் என்று உறுதி சொல்வார் என்றார்.

நஸ்ரின் எழுந்தாள். இது பதிவில் உள்ளது அல்ல என்றாள். பதினான்காம் பக்கத்தில் நான்கு இடங்களில் தான் தவறு செய்திருப்பதாகவும், முந்தைய நாளே அதை எழுதி அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். திருத்திய பிரதிகளைக் குழுவிடம் நீட்டினாள்.

சின்னையா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு கிஷனைப் பார்த்து, இது உங்களுக்கு நேற்றே வந்ததா என்று கேட்டார். வந்தது, ஆனால் நடைமுறைப்படி என்று கிஷன் ஆரம்பித்தார். சின்னையா கையைக் காட்டி நிறுத்தினார்.

கிஷன் விடவில்லை. "சொல் எல்லாம் அதேதான் சார். ஒரு சொல் மாறல. இவங்க புள்ளிய மாத்திட்டு அர்த்தத்த மாத்தறாங்க. கேள்விக்குறி போடறது இவங்க அபிப்பிராயம். ஆதாரம் இல்ல."

"முற்றுப்புள்ளியும் என் அபிப்பிராயந்தான் சார்," என்றாள் நஸ்ரின். "மெஷின் அங்க ஒண்ணும் போடல. நான்தான் போட்டேன். கேக்காம போட்டேன். அத நீங்க ஆதாரமா எடுத்துக்கிட்டீங்க. இப்ப கேட்டுட்டுப் போட்டிருக்கேன், இத அபிப்பிராயம்னு சொல்றீங்க."

மடிக்கணினியைத் திறந்து, ஒலிபெருக்கியைச் செருகினாள். கிஷன் எதற்கு இதெல்லாம் என்றார். தான் சொல்வதை நம்ப வேண்டாம், அவர்களே கேட்டுவிட்டுச் சொல்லட்டும் என்றாள். சின்னையா போடச் சொன்னார்.

முதல் முறை சாதாரண வேகத்தில் போட்டாள். இரண்டாம் முறை, மூன்றாவது ஆமா வந்ததும் நிறுத்தி, அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பப் போட்டாள். "ஆமா" என்றது கிஷனின் குரல். தன் குரல் ஒலிபெருக்கியில் வருவதைக் கேட்டு கிஷனே திரும்பிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை என்று நஸ்ரினுக்குப் பட்டது. தாளில் தெளிவாக இருந்ததை அவரும் நம்பிவிட்டார். கேட்க அவருக்கும் நேரம் இருந்திருக்காது.

அவள் அடுத்த வரியைப் போட்டாள். நான் காரணம் இல்லாம அமுக்கினேன். கடைசிச் சொல் மேலே ஏறி அறையின் நடுவில் நின்றது. சின்னையாவின் இடப்பக்கம் இருந்த மேலாளர், அவரை அறியாமல், இல்லை என்பது மாதிரித் தலையை ஆட்டினார். கேள்வி அவரிடம் கேட்கப்பட்டதுபோல.

"இது கேள்விதான்," என்றார் சின்னையா.

கிஷன் கடைசியாக ஒன்றைப் பிடித்தார். அப்படியானால் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்வோம், பதினாறாம் பக்கத்தில் மறுபடியும் நிறுத்துவேன் என்று சொல்லியிருக்கிறாரே, அதையும் கேட்போமா என்றார். இராமலிங்கம் எழுந்து, அது கோபத்தில் சொன்னது, விசாரணைக்குச் சம்பந்தம் இல்லாதது, குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்றார். சின்னையா நஸ்ரினைப் பார்த்தார். அவள் அமுதவள்ளியைப் பார்க்காமலே சொன்னாள். அது பதிவில் இருக்கிறது, தெளிவாக இருக்கிறது, தன்னால் எடுக்க முடியாது என்று. சொல்லி முடித்ததும்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நினைவுக்கு வந்தார். தன் வாயால் அவருக்கு இரண்டாம் முறையும் தீங்கு செய்துவிட்டோமோ என்று தோன்றியது.

அமுதவள்ளி அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. இராமலிங்கத்தின் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்து உட்கார வைத்தார்.

"எதுக்குண்ணே எடுக்கணும்?" என்றார். பிறகு குழுவைப் பார்த்தார். "நான் சொன்னதுதான் சார். சொல்லாதத நான் சொன்னேன்னு எழுதினதுக்குத்தான் கையெழுத்துப் போடல. இது நான் சொன்னது. இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்குப் பத்தொம்பது வயசு. சட்ட கை பெல்ட்டுக்குள்ள போயிருந்தா விரலோட நின்னிருக்காது, தோளு வரைக்கும் போயிருக்கும். கவர் கழட்டி வெச்சது யாருன்னு இந்த ரூம்புல இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. நாளைக்கும் கவர் இல்லேன்னா நாளைக்கும் அமுக்குவேன். வேணும்னா இதையும் எழுதிக்கம்மா."

கடைசிச் சொல்லை நஸ்ரினிடம் சொன்னார். நஸ்ரின் உண்மையிலேயே பேனாவை எடுத்தாள்.

சின்னையா பழைய வடிவத்தைத் தள்ளி வைத்தார். திருத்திய வடிவம்தான் குறிப்பு, பழையதை எல்லோரிடமிருந்தும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். ஒலிப்பதிவின் ஒரு பிரதியும் குறிப்போடு இருக்க வேண்டும் என்று அவராகவே சேர்த்துச் சொன்னார். அமுதவள்ளி முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து வரிவரியாக வாசித்து, ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கிஷன் இடையில் வெளியே போய்விட்டார்.

பதினொன்றாம் பக்கத்தில் அமுதவள்ளி ஒரு முறை நிமிர்ந்தார். தான் "வந்து, வந்து" என்று நிறைய தடவை சொல்வது வழக்கமாயிற்றே, அதெல்லாம் எங்கே என்று கேட்டார். எடுத்துவிட்டேன் அக்கா, வாசிக்கிறவர்களுக்குத் தடங்கலாக இருக்கும், அர்த்தம் மாறாத இடத்தில் மட்டும்தான் எடுத்தேன் என்றாள் நஸ்ரின். வேண்டுமானால் திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றாள்.

"வேணாம் வேணாம். அது இல்லாம நல்லாத்தான் பேசியிருக்கேன்லா," என்றார் அமுதவள்ளி.

கிளம்பும்போது இராமலிங்கம்தான் அவளைக் கிள்ளான் ரயில் நிலையம் வரை காரில் கொண்டுவந்து விட்டார். நீங்கள் அந்த "யா"வைச் சேர்த்திருந்தால் இன்றைக்கு மாட்டியிருப்போம், ஒலிபெருக்கியில் கேட்டதும் அது இல்லை என்று தெரிந்திருக்கும் என்று மட்டும் சாலையைப் பார்த்தபடி சொன்னார். மன்னிப்புக் கேட்கும் விதம் அது என்று நஸ்ரின் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சிவநேசனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. தொழிற்சாலைக் குழுமம் இனி வேறு இடத்தில் எழுதிக்கொள்ளும். அவர் அதை அச்செடுத்து நஸ்ரினிடம் காட்டினார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். மூன்று வாரம் பேசாமல் இருந்தார், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. நான்காம் வாரம், ஒரு நாள் மதியம், எல்லோரையும் அழைத்து உட்கார வைத்தார். இனி விசாரணை, வழக்கு சம்பந்தமான எந்தப் பதிவையும் முழுதாகக் கேட்காமல் யாரும் அனுப்பக் கூடாது என்றார். அன்றைக்கே வேண்டும் என்று கேட்பவர்களிடம் முடியாது என்று தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது நஸ்ரினைப் பார்க்கவில்லை.

விசாரணைக் குழுவின் முடிவு அதற்கும் பிறகுதான் வந்தது. தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்தினார் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் மேலதிகாரிகளிடம் பணிவின்றிப் பேசியதற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம். இராமலிங்கம் தொலைபேசியில் கூப்பிட்டு இதைச் சொன்னார். கடிதத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் வேலைக்குப் போகும்படி தானும் சங்கத்தில் மற்றவர்களும் அமுதவள்ளிக்கு எடுத்துச் சொன்னதாகவும், அவர் கேட்கவில்லை என்றும் சொன்னார்.

அமுதவள்ளி எச்சரிக்கைக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் பணிவில்லாமல் பேசினேன் என்று குறித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று கையால் எழுதி, அந்தத் தாளையும் சேர்த்து வைத்துக் கொடுத்திருக்கிறார். இதுவரை யாரும் குறித்துக் கொடுக்கவில்லை. அவர் தினமும் காலை ஏழு மணிக்கு லைனில் நிற்கிறார்.